பயிலரங்கு நடத்தியவருக்கு ஆறு வாரம் கழித்து ஒரு நன்றிக் கடிதம்

வெளியிலிருந்து ஒருவர் வந்து பயிலரங்கு நடத்திவிட்டுப் போனதும், "எல்லாரும் சேர்ந்து சாருக்கு ஒரு நன்றிக் கடிதம் குடுத்துடுங்க" என்று மேலாளர் சொல்லுவார். அந்த வேலை சுற்றிச் சுற்றி, சைட் ஆபீஸில் தமிழ் எழுத வரும் ஒருவர் தலையில் வந்து விழும். எங்கள் சைட்டில் அந்தத் தலை என்னுடையது. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன்.

முதல்முறை எழுதிய கடிதம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. "தங்கள் பயிலரங்கு எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக அமைந்தது. தங்கள் சீரிய பணி மேலும் சிறக்க வாழ்த்துகிறோம்." அவ்வளவுதான். வந்தவர் மரியாதையானவர். "நன்றி தம்பி. எது பயன்பட்டது?" என்று ஒரு வரி பதில் போட்டிருந்தார். என்னிடம் பதில் இல்லை. யாரையும் கேட்காமல் எழுதியிருந்தேன்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று பின்னால்தான் புரிந்தது. 1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் பயிற்சியின் பலனை நான்கு படியாகப் பார்க்கச் சொன்னார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலைக்குத் திரும்பியதும் செய்யும் விதம் மாறியதா, அதனால் விளைவு மாறியதா. பயிலரங்கு முடிந்த கையோடு நாம் நிரப்பிக் கொடுக்கும் தாள் முதல் படியோடு நின்றுவிடும். கடைசியில் ஒரு சின்னத் தேர்வு வைத்தால் இரண்டாவது படியும் தெரியும். மூன்றாவது படியைப் பயிற்றுநர் பார்க்கவே வழியில்லை, ஏனென்றால் அவர் அதற்குள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்தவர்கள் நாம்தான். நாம் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இந்த வருடம் நாங்கள் எழுதிய கடிதத்தை வைத்தே வழிமுறையைச் சொல்கிறேன். பாரம் தூக்கும் வேலையில் இருக்கும் எங்கள் ஆட்கள் 14 பேருக்கு, தமிழில், இரண்டு அரைநாள் பயிலரங்கு. சுமையைக் கட்டிக் கிரேனில் மாட்டும் ரிக்கர் ஆறு பேர், சிக்னல்மேன் மூன்று பேர், லிஃப்டிங் சூப்பர்வைசர் இரண்டு பேர், கிரேன் ஓட்டுநர் மூன்று பேர். நடத்தியவர் பல வருடம் லிஃப்டிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

முதலில், உடனே எழுதாதீர்கள்

அன்று மாலையே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி நன்றி அனுப்பிவிடுங்கள். அது மரியாதை, தள்ளிப்போடக் கூடாது. ஆனால் கடிதம் வேறு. அதற்கு ஆறு வாரம் பொறுங்கள்.

இரண்டு வாரத்தில் கேட்டால் எல்லாரும் "மாறிடுச்சு" என்பார்கள். வகுப்பின் சூடு இன்னும் ஆறியிருக்காது. ஆறு மாதம் விட்டால் பாதிப் பேர் வேறு சைட்டுக்கு மாறியிருப்பார்கள், மீதிப் பேருக்கு எதை அந்த வகுப்பில் கேட்டோம், எதை வேறெங்கோ கேட்டோம் என்று குழம்பிவிடும். ஆறாவது வாரத்திலும் ஒருவர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் அது ஒட்டிக்கொண்டது என்று நம்பலாம். இந்த ஆறு வாரக் கணக்கு நான் பழக்கத்தில் பிடித்துக்கொண்டது. உங்கள் வேலைக்கு நான்கோ எட்டோ பொருந்தினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

கடிதத்தின் தரம் இங்கேதான் முடிவாகிறது. "பயிலரங்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு அண்ணே" என்றுதான் பதில் வரும். "என்ன கத்துக்கிட்ட?" என்றால் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி ஆகிவிடும், தெரியாதவர் வாயை மூடிக்கொள்வார். நான் கேட்டது ஒரே கேள்வி: "நேத்து வேலையில, அந்த வகுப்புக்கு முன்னாடி செய்யாத எதையாவது செஞ்சியா?"

"நேத்து" என்ற சொல் முக்கியம். "இப்பல்லாம்" என்று கேட்டால் ஆசையைச் சொல்வார்கள், நேற்று என்றால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். "ஒண்ணும் செய்யல" என்று சொன்னாலும் சரிதான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் 14 பேரில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள்.

எழுதிக் கேட்காதீர்கள். டீ நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும். பகலில் பேசத் தயங்குபவர்கள் இரவு தங்கும் விடுதிக்குப் போனதும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள், அதில்தான் நல்ல விஷயம் வரும். சுமையைக் கிரேன் கொக்கியில் மாட்ட உதவும் ஸ்லிங்கைப் பற்றி ஒரு ரிக்கர் தம்பி அனுப்பியது இது: "அண்ணே, நேத்து ஃபார்ம்வொர்க் பேனல் தூக்க ரெண்டு மீட்டர் ஸ்லிங்தான் கிட்ட கிடந்துச்சு. விட்டுட்டு ஸ்டோருக்கு நடந்து போயி மூணு மீட்டர் எடுத்தாந்தேன். வாளி ஞாபகம் வந்துச்சு."

அந்த வாளியைச் சொல்ல வேண்டும். பயிலரங்கில் சார் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, கைப்பிடியில் இரண்டு கயிறு கட்டி, ஆளுக்கு ஒன்றாக இரண்டு பேரைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். பக்கத்தில் நின்றபோது சுலபமாக இருந்தது. "ஆளுக்கு ஒரு அடி பின்னாடி போங்க" என்றார். அப்புறம் இன்னொரு அடி. வாளி அதேதான், தண்ணீரும் அதேதான், ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் கரும்பலகையில் கணக்கு எழுதினார். இரண்டு கால் ஸ்லிங்கில் ஒரு டன் தூக்கும்போது, இரண்டு காலுக்கும் நடுவே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 580 கிலோ இழுவை. 90 டிகிரியில் 710 கிலோ. 120 டிகிரியில் ஒவ்வொரு காலும் முழு ஒரு டன்னைத் தாங்குகிறது.

அதோடு ஒரு குறுக்குவழியும் சொன்னார். மாட்டும் இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, ஸ்லிங்கின் ஒரு கால் குறைந்தது அவ்வளவு நீளம் இருக்கட்டும். மூன்று பக்கமும் சமம் என்றால் நடுக்கோணம் தானாகவே 60 டிகிரி. எங்கள் பேனலில் மாட்டும் இடங்களுக்கு நடுவே மூன்று மீட்டர். இரண்டு மீட்டர் ஸ்லிங் போட்டால் கோணம் கிட்டத்தட்ட 97 டிகிரி ஆகி, டன்னுக்கு ஒவ்வொரு காலிலும் 750 கிலோவைத் தாண்டும். தம்பி ஸ்டோருக்கு நடந்தது இந்த வித்தியாசத்துக்காக.

இப்படி ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடைத்துவிட்டால் கடிதத்தின் பாதி முடிந்த மாதிரி. அதில் ஆள், நாள், பொருள், செய்த காரியம் நான்கும் இருக்கிறது. அதோடு வகுப்பில் எது மனதில் நின்றது என்பதும் இருக்கிறது. பயிற்றுநருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பொன். அடுத்த வகுப்பில் வாளியை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அவர் இதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

சொன்னதைச் சரிபார்ப்பது

சொன்னதை அப்படியே எழுதிவிடாமல் சைட்டில் ஏற்கனவே இருக்கும் ஆவணத்தோடு ஒட்டிப் பாருங்கள். எங்களுக்குக் காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கின் புத்தகம், ஸ்டோரில் ஸ்லிங் எடுக்கும் பதிவேடு, விபத்து ஆகாமல் நூலிழையில் தப்பியதைத் தெரிவிக்கும் நியர் மிஸ் படிவங்கள் இருந்தன. ஸ்டோர் பதிவேட்டில் மூன்று மீட்டர் ஸ்லிங் வெளியே போன வரிகள் கூடியிருந்தன. ஒரு ஆள் மட்டும் செய்யவில்லை, நான்கு ரிக்கர்கள் கையெழுத்து இருந்தது. அப்படியானால் எழுதலாம்.

இன்னொன்றில் நான் ஏமாறப் பார்த்தேன். பயிலரங்குக்கு முந்தைய ஆறு வாரத்தில் நியர் மிஸ் படிவம் ஒன்றுதான் வந்திருந்தது, பிந்தைய ஆறு வாரத்தில் ஆறு. ஆட்கள் இப்போது தயங்காமல் தெரிவிக்கிறார்கள், அடடா என்று எழுதப்போனேன். லிஃப்டிங் சூப்பர்வைசர் தடுத்தார். "அந்த மாசந்தானே தாளுக்குப் பதிலா போன்ல ஸ்கேன் பண்ணி அனுப்பலாம்னு ஆபீஸ்ல மாத்துனாங்க?" உண்மைதான். ஆறு படிவத்தில் எத்தனை சாரால் வந்தது, எத்தனை போனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அதே சமயத்தில் வேறு என்ன மாறியது? புது மேலாளர் வந்தாரா, புதுச் சாமான் வந்ததா, வேலையின் கட்டமே மாறிவிட்டதா?

"விபத்தே நடக்கவில்லை" என்றும் எழுத ஆசை வரும். அதற்கு முந்தைய ஆறு வாரத்திலும் எங்களுக்கு விபத்து இல்லை. அனுபவமுள்ள பயிற்றுநர் அந்த வரியைப் படித்தால் சிரிப்பார்.

எதை எழுதக் கூடாது

புதிதாக எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "முன்பு இப்படிச் செய்தோம், இப்போது இப்படிச் செய்கிறோம்" என்று எழுதும்போது, அந்த "முன்பு" ஒரு விதிமீறலாக இருந்தால் நீங்கள் எழுதுவது நன்றிக் கடிதமாக இருக்காது, ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும். கிரேன் வேலைக்கு இங்கே 2011ஆம் ஆண்டின் தனி விதிமுறைகள் இருக்கின்றன. எழுதி வைத்த லிஃப்டிங் பிளான் இல்லாமல் தூக்கக் கூடாது. "முன்பெல்லாம் பிளானைப் பார்க்க மாட்டோம்" என்று 14 பேர் கையெழுத்துப் போட்ட தாள் வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூடி மறைக்கச் சொல்லவில்லை. அப்படி ஒன்று தெரியவந்தால் முதலில் உங்கள் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லி உள்ளேயே சரிசெய்ய வேண்டும். அதைப் பேசுவதற்கு நன்றிக் கடிதம் இடமில்லை. எங்கள் ஸ்லிங் விஷயத்தில் பிளானில் ஸ்லிங்கின் திறன் எழுதியிருந்தது, இரண்டு மீட்டரும் அந்தத் திறனுக்குள்தான் இருந்தது, நீளம் ரிக்கரின் தேர்வாக விடப்பட்டிருந்தது. அதனால் எழுதினோம். அதற்கு முன்பு பாதுகாப்பு அதிகாரியிடம் வரைவைக் காட்டினேன். அவர் செய்தது ஒரே திருத்தம், திட்டத்தின் பெயரையும் முதன்மைக் குத்தகையாளர் பெயரையும் அடித்துவிட்டார்.

கையெழுத்து வாங்கும்போது இன்னொரு பழக்கம் குறுக்கே வரும். எந்தத் தாளை நீட்டினாலும் நம் ஆட்கள் பெயரோடு வொர்க் பெர்மிட் அட்டையில் இருக்கும் அடையாள எண்ணையும் எழுதிவிடுவார்கள், கை அப்படிப் பழகிவிட்டது. 2019 செப்டம்பரிலிருந்து இங்கே அடையாள எண்ணைத் தேவையில்லாமல் நிறுவனங்கள் கேட்பதற்கே கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு நன்றிக் கடிதத்துக்கு அது எதற்கு? பெயரும் வேலையும் போதும். "இது கம்பெனி ஃபார்ம் இல்ல, விருப்பம் இல்லாதவங்க போட வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பயத்தில் போடுவார்கள்.

எழுதுவது

இரண்டு மாற்றம், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்பு எப்படி, வகுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள், இப்போது எப்படி, எங்களுக்கு எப்படித் தெரியும் என்ற வரிசை. கடைசியில், இன்னும் சரியாக வராத ஒன்று. இந்தக் கடைசிப் பகுதியைச் சேர்க்கப் பலர் கூச்சப்படுகிறார்கள், குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று. குறையாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டால் அவர் மகிழ்வார். எங்கள் கடிதம் இது.

> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். ஆறு வாரத்துக்கு முன்பு எங்கள் சைட் கேன்டீனில் நீங்கள் நடத்திய பயிலரங்கில் கலந்துகொண்ட 14 பேர் எழுதுகிறோம். வேலையில் மாறிய இரண்டு விஷயங்களைச் சொல்லி உங்களுக்கு நன்றி கூற விரும்புகிறோம்.
>
> முதலாவது, வாளி. முன்பு ஃபார்ம்வொர்க் பேனலுக்கு, திறன் போதும் என்றால், கைக்கு எட்டிய ஸ்லிங்கை மாட்டுவோம். வாளியைப் பிடித்துப் பின்னால் நகர்ந்தபோது கை நடுங்கியதை யாரும் மறக்கவில்லை. இப்போது மாட்டும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பார்த்து மூன்று மீட்டர் ஸ்லிங் எடுக்கிறோம். ஸ்டோர் பதிவேட்டில் ஆறு வாரமாக நான்கு ரிக்கர்கள் அதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.
>
> இரண்டாவது, காலை டூல்பாக்ஸ் மீட்டிங். முன்பு சூப்பர்வைசர் படிப்பார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். நீங்கள் "சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்" என்று காட்டிய பிறகு, தினமும் இரண்டு பேரை "இன்றைக்கு எங்கே நிற்கக் கூடாது?" என்று கேட்கிறோம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், கேட்ட இருவருமே முந்தைய நாளின் இடத்தைச் சொன்னார்கள். மீட்டிங்கை மறுபடி நடத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். ஐந்து நிமிட மீட்டிங் இப்போது பத்து நிமிடம் ஆகிறது.
>
> எல்லாருக்கும் எல்லாம் மாறிவிடவில்லை. எங்களில் நான்கு பேர், தங்கள் வேலையில் இதுவரை மாற்றம் எதுவும் தெரியவில்லை என்கிறார்கள். அவர்களில் மூவர் கிரேன் ஓட்டுநர்கள். பயிலரங்கு அதிகமும் கீழே நிற்பவர்களுக்காக இருந்தது என்பது அவர்கள் கருத்து.
>
> ஒரு கேள்வியும் இருக்கிறது. எங்களோடு வேலை செய்யும் பங்களாதேஷ் நண்பர்களுக்குத் தமிழ் தெரியாது. திருப்பிச் சொல்லச் சொன்னால் "ஓகே, ஓகே" என்று தலையாட்டுகிறார்கள். அவர்களுக்கு இதை எப்படிச் செய்வது?
>
> இந்தக் கடிதத்தை நீங்கள் மற்றவர்களுக்குக் காட்டலாம். எங்கள் பெயர்ப் பட்டியலை மட்டும் எடுத்துவிடுங்கள்.
>
> நன்றியுடன்,
> ரிக்கர்கள், சிக்னல்மேன்கள், லிஃப்டிங் சூப்பர்வைசர்கள், கிரேன் ஓட்டுநர்கள்

வரைவை எழுதி முடித்ததும் ஆட்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எங்களில் சிலருக்குப் படிப்பது சிரமம், அதுவும் ஒரு காரணம். வேறு ஒரு காரணமும் உண்டு. காதால் கேட்கும்போதுதான் மிகைப்படுத்தல் குத்தும். என் முதல் வரைவில் "இப்போது ஒவ்வொரு தூக்கலுக்கும்" என்று இருந்தது. படித்தபோது பின்னாலிருந்து ஒருவர் இருமினார், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "ஃபார்ம்வொர்க் பேனலுக்கு" என்று மாற்றினேன். அதுதான் உண்மை.

கிரேன் ஓட்டுநர்கள் பற்றிய பத்தியைச் சிலர் எடுத்துவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. 14 பேர் என்று மேலே போட்டுவிட்டு, நான்கு பேரை மட்டும் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது சரியில்லை. அவர்களும் அந்தத் தாளில் பெயர் போடுகிறார்கள்.

அனுப்புவது

இது சின்ன வேலைதான். கடிதம் பயிற்றுநர் பெயருக்கு நேராகப் போகட்டும், அவரை அனுப்பிவைத்த பயிற்சி நிறுவனத்துக்கு ஒரு பிரதி. நாள் சம்பளத்துக்கு வகுப்பெடுப்பவர்களுக்கு அந்தப் பிரதியால் அடுத்த வகுப்பு கிடைக்கலாம். ஆனால் அனுப்பும் முன் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், கிரேன் ஓட்டுநர்கள் பத்தி மாதிரி ஒன்று இருந்தால் கட்டாயம் கேளுங்கள். எங்கள் சார், "அதுதான் முக்கியமான பத்தி, அப்படியே அனுப்பு" என்றார். எல்லாரும் அவரைப்போல் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

பரிசுப் பொருள் வேண்டுமா என்றும் கேட்பார்கள். வந்தவர் அரசாங்க வேலையில் இருப்பவராக இருந்தால் பரிசை அவர் தன் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டியிருக்கும், வீண் சங்கடம். கடிதமும் டீயும் போதும்.

நான்கு நாள் கழித்து சாரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பங்களாதேஷ் நண்பர்களைப் பற்றிய கேள்விக்குப் பதில். "வாயால திருப்பிச் சொல்லச் சொல்லாதீங்க தம்பி, காலால சொல்லச் சொல்லுங்க. மீட்டிங் முடிஞ்சதும், கிரேன் கிளப்புறதுக்கு முன்னாடி, எல்லாரையும் அந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போங்க. 'தூக்கும்போது நீ எங்க நிப்ப, போய் நில்லு'ன்னு கையால காட்டுங்க. அப்புறம் சும்மா பாருங்க."

மறுநாள் காலை செய்து பார்த்தோம். இரண்டு பேர் நேராகப் போய்ச் சுமை வரும் பாதைக்குக் கீழே நின்றார்கள். அதில் ஒருவர் தமிழர்.